கோனைத் தண்ணீருக்கு நாள் பார்ப்பது எப்படி

2023 டிசம்பர் 6, புதன்கிழமை. மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையைக் கடந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆவடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, மூணு நாளா பசங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குதுங்க. சனிக்கிழமை அங்க வந்துடட்டுமா? இவ்வளவு மழை பெஞ்சிருக்கு, கோனையில தண்ணி அருமையா இருக்குமே."

"தண்ணி இருக்கும்டா. அதனாலதான் இப்போ வராதேன்னு சொல்றேன்."

அவனுக்கு அது புரியவில்லை. சென்னைப் பக்கத்திலிருந்து எங்கள் ஆந்திர எல்லையோர மலைகளுக்கு வருகிற பலருக்கும் இது புரிவதில்லை. ஊத்துக்கோட்டை தாண்டி சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் என்று போகும் சாலையின் இரு பக்கமும் தெரிகிற நகரி, நாகலாபுரம் மலைகளுக்குள் மடுக்களுக்குக் குறைவில்லை. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் பேசுகிறோம். மலை மடிப்புக்குள் ஓடை இறங்கும் காட்டுப் பள்ளத்தைக் கோனை என்போம், தெலுங்கில் கோனா. ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடம் மடு. தடா அருவி என்று சென்னைக்காரர்கள் சொல்லும் இடத்தின் பெயர் உப்பலமடுகு. அந்த மடுகும் நம் மடுவும் ஒன்றுதான்.

மடுவுக்குப் போக நாள் பார்ப்பவர்கள் மடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் விசாரிக்கிறார்கள். மடு ஒரு பாத்திரம் மாதிரி. அதில் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளைக்கு முன் பெய்தது, இன்னும் மேலே என்ன இருக்கிறது என்பதெல்லாம் மலைக்குத்தான் தெரியும். அக்கா மகனுக்கு அன்றைக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மலைகள் குவார்ட்சைட் பாறையால் ஆனவை. மணல் புதைந்து, இறுகி, பிறகு மண்ணுக்குள் வெந்து கண்ணாடி போலக் கெட்டியான பாறை அது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பாறை தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் அடுக்கடுக்காக வெடித்திருக்கும். மழைநீரில் ஒரு பங்கு அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கீழே வந்து, மலையடிவாரத்தில் ஏதோ ஒரு இடுக்கு வழியாக வெளியே வருகிறது. அதுதான் ஊற்று. மீதிப் பங்கு வழுக்கைப் பாறை மேல் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடைக்கு வந்துவிடும்.

ஆகவே ஒரே கோனையில் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. ஊற்றுத் தண்ணீர் மழை நின்று வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் வரும். இன்று பெய்த மழைக்கு இன்றே அது பொங்குவதும் இல்லை, கலங்குவதும் இல்லை. ஓடைத் தண்ணீர் அப்படியில்லை. மேலே கொட்டினால் உடனே வரும், வேகமாக வரும், இரண்டு மூன்று நாளில் வடிந்தும் போகும். புத்தூர்–ஊத்துக்கோட்டைச் சாலையை ஒட்டியுள்ள கைலாசகோனை அருவி ஊற்றை நம்பியிருப்பது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் அங்கே கொஞ்சமாவது தண்ணீர் விழுகிறது. மலைக்குள்ளே நடந்து போய்ச் சேரும் பெரிய மடுக்கள் பெரும்பாலும் கலப்பு. அடியில் ஊற்று இருக்கும், மேலே ஓடையும் வந்து விழும்.

எது ஊற்று என்று கண்டுபிடிக்கக் கையே போதும். மார்கழி விடியலில் கையை விட்டால் ஊற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பங்குனி மத்தியானத்தில் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும். நிலத்துக்கடியிலிருந்து வருவதால் அதன் வெப்பம் வருஷம் முழுக்க அதிகம் மாறாது, மாறுவது நம் உடம்பைச் சுற்றியிருக்கும் காற்றுதான். தெளிந்த மடுவின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் ஊற்றுக்கண் தெரியும். ஒரு கைப்பிடி அளவு இடத்தில் வெள்ளை மணல் உலை கொதிப்பது போல எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதில் விரலை விட்டு, மணல் விரலைத் தள்ளுவதை உணர்வதுதான் எங்களுக்கு விளையாட்டு.

இப்போது பருவத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்வது பெரும்பாலும் மாலை இடிமழை. காலையில் பளீரென்ற வெயில், மூன்று மணிக்கு மேல் மலை மேல் கறுத்து, ஆறு மணிக்குள் கொட்டித் தீர்க்கும். மடுக்கள் பாதியாவது நிறையும். அக்டோபர் மூன்றாவது வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். வங்கக் கடலில் எழும் காற்றழுத்தத் தாழ்வுகளிலும் புயல்களிலும் பல எங்கள் மலையில் வந்து மோதிவிட்டுப் போகும். 2021 நவம்பரில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையேறியபோது திருப்பதி நகரமே வெள்ளத்தில் மிதந்தது. வெடிப்புகள் நிரம்பி ஊற்று எழுவது இந்த மழைக்குப் பிறகுதான். ஆக, மடு நிறைந்து, தெளிந்து, ஓடையின் வெறி அடங்கி, ஊற்று மட்டும் நிதானமாகப் பாயும் காலம் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும். அதற்கு முன் வந்தால் வெள்ளம், அதற்குப் பின் வந்தால் தேக்கம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். சென்னையிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாதது, வெள்ளம் எவ்வளவு குறைந்த மழையில் வரும் என்பது. அதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம்.

வரைபடத்தில் ஒரு மடுவுக்கு மேலே உள்ள முகடுகளைக் கோடாக இணைத்தால், அந்தக் கோட்டுக்குள் விழும் மழையெல்லாம் அந்த மடு வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தப் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு கோனைக்கு இது சாதாரண அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 10 சதுர கிலோமீட்டரில் இரண்டு மணி நேரம் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 50 கோடி லிட்டர். மண் காய்ந்திருந்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். ஏற்கெனவே பத்து நாள் மழையில் மண் ஊறியிருந்தால், பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 கோடி லிட்டர் ஓடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்தில் அது வடிய வேண்டுமானால் விநாடிக்கு ஏறக்குறைய 28,000 லிட்டர். சென்னைத் தெருவில் வரும் 12,000 லிட்டர் லாரிகள் இரண்டுக்கு மேல், ஒவ்வொரு விநாடியும்.

இந்தத் தண்ணீர் இருபுறமும் செங்குத்துப் பாறை நிற்கும் 8 மீட்டர் அகல இடுக்கில், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால், ஆழம் 1.75 மீட்டர். ஓர் ஆள் உயரம். அதே இடத்தில் அன்று காலை கணுக்கால் நனைய விநாடிக்கு நூறு லிட்டர்கூட ஓடியிருக்காது. சின்ன மலைப்பரப்பு என்பதால் மேலே கொட்ட ஆரம்பித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இது கீழே வந்துவிடும். மடுவில் நிற்பவர் தலைக்கு மேலே அந்த நேரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் மழை பெய்வது முகட்டுக்கு அந்தப் பக்கம்.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் பயமுறுத்துவது ஒன்று உண்டு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்படி, 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டரிலிருந்துதான் கனமழை. 11.56க்கு மேல் போனால் மிக கனமழை. நாம் மேலே கணக்குப் போட்ட 5 சென்டிமீட்டர் அன்றைய பட்டியலில் "மிதமான மழை" என்றுதான் வரும். நாள் முழுக்கத் தூறி 5 சென்டிமீட்டர் ஆனாலும் மிதமான மழை, இரண்டு மணி நேரத்தில் கொட்டி 5 சென்டிமீட்டர் ஆனாலும் மிதமான மழை. கோனைக்கு இரண்டும் ஒன்றில்லை. "மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லையே" என்று கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் நாள் பார்க்கும்போது நான் முன்னறிவிப்பை விடப் பெய்து முடிந்ததை முதலில் பார்ப்பேன். பத்து நாள் மழையளவை எழுதி வைத்துக்கொண்டால் மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் தவறுவார்கள். செய்தியில் "இன்றைய மழையளவு" என்று வருவது நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. வெள்ளிக்கிழமை மாலை கொட்டிய மழை சனிக்கிழமை காலைப் பட்டியலில்தான் வரும். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சைபர் பார்த்துவிட்டு, வெள்ளி இரவே கிளம்பி, சனி விடியலில் கோனைக்குள் நுழைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மலைக்குள் மழைமானி வைத்து யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது, பிச்சாட்டூர் ஏரி. ஆரணி ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் அது. இந்த மலைகளில் வடியும் ஓடைகள் பலவும் அங்கேதான் சேருகின்றன. நிரம்பியதும் உபரி நீர் திறப்பார்கள், உடனே திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தகவல் போகும், "ஆரணி ஆற்றங்கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை" என்று தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் கோனைப் பயணத்தை ஒத்தி வைத்துவிடுங்கள். மலை முழுக்க ஊறிவிட்டது, இனி பெய்யும் மழையில் பெரும் பங்கு நேராக ஓடைக்கு வந்துவிடும் என்று அதற்குப் பொருள். திறப்பு நின்று, பத்து நாள் பெரிய மழை இல்லாமல் போனால் அதுவே நல்ல சகுனம்.

போகும் நாளன்று காலை பார்க்க வேண்டியது ரேடார். எங்கள் மலை சென்னை ரேடாரின் பார்வைக்குள் இருக்கிறது. mausam.imd.gov.in தளத்தில் அந்தப் படம் கிடைக்கும். மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் அதிலேயே வரும். இதை அடிவாரத்திலேயே பார்த்துவிட வேண்டும், கோனைக்குள் நுழைந்துவிட்டால் செல்போனில் சிக்னல் இருக்காது. மூன்று மணி நேர எச்சரிக்கை மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பார்த்தது மத்தியானத்துக்கு உதவாது. ஆகஸ்ட், செப்டம்பரில் போவதாக இருந்தால் ரேடார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பகல் ஒரு மணிக்கு மேல் ஓடைக்குள் இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு.

அக்கா மகன் கதைக்குத் திரும்புகிறேன். போனை வைத்த பிறகும் அவன் முகம் சுண்டிப் போயிருக்கும் என்று மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, 8ஆம் தேதி, பைக்கை எடுத்துக்கொண்டு கோனை வாசல் வரை போய்ப் பார்த்தேன். வனத்துறை சீட்டு கொடுத்து உள்ளே விடும் இடம்தான் அது, ஆனால் மழைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்திருந்தால் சுற்றுவழியில் உள்ளே போகக்கூடாது. இது செம்மரக் காடு. அனுமதியில்லாமல் உள்ளே நடமாடுகிறவரை வனக்காவலர்கள் குளிக்க வந்தவராகப் பார்க்க மாட்டார்கள். நான் வாசலுக்கு வெளியே, பாதை முதன்முதலாக ஓடையை ஒட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டேன்.

அங்கே செய்தது ஒரு சின்னச் சோதனை. கரையோரமாகப் பதின்மூன்று எட்டு நடந்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கல் வைத்தேன். என் நடைக்கு அது ஏறக்குறைய 10 மீட்டர். மேல் கல்லுக்கு நேராக ஒரு காய்ந்த புங்க இலையைப் போட்டுவிட்டு, போனில் நேரம் பார்த்தேன். ஆறு விநாடியில் கீழ்க் கல்லைத் தாண்டிவிட்டது. விநாடிக்கு 1.7 மீட்டர். கழியை விட்டுப் பார்த்ததில் நடுவில் ஆழம் அரை மீட்டர், முழங்காலைத் தொடும். இரண்டையும் பெருக்கினால் 0.85.

வெள்ளத்தில் மனிதர்கள் எப்போது கால் தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து வகுத்த வரம்புகள் உண்டு. மீட்டரில் ஆழத்தையும், விநாடிக்கு மீட்டரில் வேகத்தையும் பெருக்கி வருவது 0.6ஐத் தாண்டினால் வளர்ந்த ஆளுக்கே ஆபத்து தொடங்குகிறது. சிறுவர்களுக்கு 0.4. இது சமதரையில் நிற்பவருக்கான கணக்கு. பாசி படிந்த உருண்டைக் கல் மேல் நிற்பவருக்கு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் தண்ணீர்தானே என்று நாம் நினைப்பது ஆழத்தை மட்டும் பார்ப்பதால். ஆளைத் தள்ளுவது ஆழமும் வேகமும் சேர்ந்துதான்.

அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நான் இலை விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வருஷமாக அந்தக் கோனையைப் பார்ப்பவர்.

"இலை விட்டுக் கணக்குப் போடறது நல்லதுதான் நைனா. ஆனா உள்ள போனா காதைத் தொறந்து வை. தண்ணி ஏறதுக்கு மின்னாடி சத்தம் மாறும். கண்ணுக்குத் தெரியறப்போ நேரம் இருக்காது."

"எப்படித் தாத்தா மாறும்?"

"சலசலன்னு பேசிக்கினு இருக்கிறது உறுமும். அப்புறம் சருகும் சுள்ளியும் வரும். அப்புறம்தான் கலங்கல் வரும். கலங்கல் வந்தப்புறம் செருப்பைத் தேடாதே, மேல ஏறு."

எனக்குத் தெரிந்த எந்த வழிகாட்டியும் இதை இவ்வளவு சரியான வரிசையில் சொன்னதில்லை. முதலில் சத்தம், பிறகு மிதக்கும் குப்பை, பிறகு நிறம். தெளிந்த மடு திடீரென்று டீ நிறத்துக்குப் போனால் மேலே புதுத் தண்ணீர் இறங்கியாகிவிட்டது.

16ஆம் தேதி மறுபடி போனேன். அதே இரு கல் கிடந்தன. இலை பதினான்கு விநாடி எடுத்துக்கொண்டது, ஆழம் ஒரு அடி, பெருக்கினால் 0.2. கைப்பிடியில் அள்ளிய தண்ணீரில் ரேகை தெரிந்தது. ஆனாலும் ஒரு வாரம் தள்ளி 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். காரணம், அடுத்த நாட்களுக்கு மறுபடி மழை சொல்லியிருந்தார்கள். அந்த மழை கடைசியில் தெற்கே போய், 17, 18 தேதிகளில் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்தது. அது எங்கள் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

24ஆம் தேதி வந்தவர்கள் எட்டுப் பேர். நீந்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர், குழந்தைகள் இருவர். கோனைக்குள் இரண்டு மடு உண்டு. பெரியதும் அழகானதும் மேலே இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் பாதை ஓடையை நான்கு முறை குறுக்காகக் கடக்கும். நான் கீழ் மடுவிலேயே நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஏறினால் கீழ் மடுவிலிருந்து ஓடையைக் கடக்காமலே திரும்பிவிடலாம். மேல் மடுவில் இருப்பவர் நான்கு முறை கடக்க வேண்டும். வெள்ளத்தில் உயிர் போவது பெரும்பாலும் இப்படி ஓடையைக் கடக்கும்போதுதான். மாட்டிக்கொண்டால் கரையில் மேடான இடத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் மலை ஓடை சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பவர் மறுநாள் நடந்து வெளியே வருவார்.

மடுவுக்கு வந்ததும் துணிகளை ஓடையைவிட இரண்டு ஆள் உயரம் மேலே வைத்தோம். தண்ணீர் பாறையைத் தொடும் கோட்டில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைத்தேன். கால் மணிக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது என் அக்கா பேத்தியின் வேலை. கல் இரண்டு விரல் அளவு முங்கினால் கத்த வேண்டும், கத்தினால் எல்லாரும் ஏற வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை அந்த வேலையை அவ்வளவு சிரத்தையாகச் செய்தாள்.

அடுத்து ஆழம். மேலிருந்து பார்க்கும் எவருக்கும் தண்ணீர் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். நேர் மேலிருந்து பார்த்தால் 12 அடி 9 அடியாகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஏமாற்றும், தரை தொட்டுவிடலாம் போலத் தெரியும். எங்கள் குவார்ட்சைட் மடுக்களில் ஓரம் சரிவாக இறங்காது, அலமாரித் தட்டு போல இரண்டடி அகலத்துக்கு இடுப்பளவு இருந்துவிட்டு, அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். நீந்தத் தெரியாதவர்கள் முங்கிப் போவது நடு மடுவில் இல்லை, இந்தத் தட்டின் விளிம்பில்தான்.

நான் வைத்திருப்பது ஒரு நைலான் கயிறு, நுனியில் கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. படகு இல்லாமலே நீந்துபவர் ஒருவர் எடுத்துப் போய் ஐந்தாறு இடத்தில் இறக்கிப் பார்க்கலாம். போன வருஷம் அருவிக்கு இடப்பக்கம் மணல் மேடாக இருந்தது, குழந்தைகள் நின்று விளையாடினார்கள். இந்த முறை அதே இடத்தில் கயிறு ஆறு முழம் போனது. புயல் வெள்ளம் மணலை வாரிக்கொண்டு போய், வேறெங்கோ பாறையை உருட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் மடுவின் அடி புதிதாகிறது. போன வருஷம் குதித்த பாறையிலிருந்து இந்த வருஷமும் குதிக்கலாம் என்று நம்புவது தப்பு. நாங்கள் யாரும் குதிக்கவில்லை.

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே போகவும் விடவில்லை. அங்கே தண்ணீரில் காற்று கலந்து வெள்ளை நுரையாக இருக்கும். நுரை நம்மைத் தாங்காது, மேலே மிதக்கப் பழகியவரும் அதில் இறங்கிவிடுவார், விழும் நீர் அடிக்கு இழுத்துச் சுழற்றும். நீந்தத் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட். அதற்கு மேல் ஒரு காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், மூடி இறுக்கி, பத்து மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வைத்திருந்தோம். யாராவது தத்தளித்தால் அவரைப் பிடிக்கக் குதிக்கக்கூடாது, முங்குகிறவர் பிடித்தவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். கேனை எறிந்து கயிற்றை இழுக்க வேண்டும். ஓர் ஆளின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க அந்தக் கேனே தாராளம்.

வெள்ளத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். கோடை ஆபத்து வேறு மாதிரி, அதில் சத்தமே இருக்காது. மார்ச் கடைசியில் மடுவுக்கு மடு ஓடும் நீர் அறுந்துவிடும். ஊற்று இல்லாத மடு குட்டையாகிவிடும். மேலே தூசி ஆடை போலப் படியும், சருகு ஊறிக் கறுக்கும், ஓரத்தில் கொசுப்புழு நெளியும். விலங்குகளும் எலிகளும் அதே தண்ணீருக்குத்தான் வரும், காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். கேரளத்தில் 2024லும் 2025லும் பலரைத் தாக்கிய மூளைக்காய்ச்சல் அமீபாவும் இப்படி வெதுவெதுப்பாகத் தேங்கிய நன்னீரில் வாழ்வது. குடிப்பதால் அது வராது, மூக்கு வழியாக ஏறுகிறது. தாக்கினால் உயிருக்கே ஆபத்து. கோடையில் என் சோதனை மறுபடியும் இலைதான். மடுவின் நடுவில் ஓர் இலையைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பேன். வெளியேறும் வாயை நோக்கி அது நகர்ந்தால் ஊற்று பாய்ந்துகொண்டிருக்கிறது, குளிக்கலாம். போட்ட இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் காலை நனைத்துவிட்டு வந்துவிடுவேன், தலை முங்க மாட்டேன்.

24ஆம் தேதி அந்தக் கூழாங்கல் நகரவேயில்லை. இரண்டரை மணிக்கு எல்லாரையும் கரையேற்றினேன். துணி மாற்றிக்கொண்டிருந்த அக்கா மகன் நிமிர்ந்து, மடுவோரத்து நீர்மருதுக் கிளையைப் பார்த்தான். கிளைக் கவட்டையில் சருகும் சுள்ளியும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் காய்ந்து பின்னிக் கிடந்தன, பறவைக் கூடு போல.

"இது எப்படி மாமா அங்க போச்சு?"

"போன மாசக் கடைசியில அது அங்க இல்லடா."

அவன் கயிற்றை வாங்கி, கல் கட்டிய நுனியைக் கிளையிலிருந்து தண்ணீர் மட்டத்துக்குத் தொங்கவிட்டு, முடிச்சை எண்ணினான். ஐந்து முழம். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே குழந்தைகள் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான், எண்ணியது சரிதானா என்று இன்னொரு முறை தொங்கவிட்டுப் பார்த்தான்.